சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் மண்டபத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சாயங்காலம் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வருகிறது: "யாருக்காவது வாந்தி வருதா? எனக்கு ரெண்டு தடவ ஆயிடுச்சி." பத்து நிமிடத்தில் ஆறு பேர் "எனக்கும்" என்கிறார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிடுகிறோம். "பாயசம்தான். வாயில வச்சப்பவே ஒரு மாதிரி இருந்துச்சி." இன்னொருவர், "இல்ல லா, இப்போ எங்க பார்த்தாலும் வைரஸ். எங்க ஆபீஸ்லயே நாலு பேர் எம்.சி.," என்கிறார். பாயசம் செய்து கொண்டு வந்த ஆண்ட்டியும் அதே குழுவில்தான் இருக்கிறார். அவர் ஒன்றும் எழுதவில்லை.

உணவு நஞ்சானதா, வயிற்று வைரஸா? இதை ஊகித்துத் தீர்க்க வேண்டியதில்லை. ஒரு கடிகாரமும் ஒரு தாளும் இருந்தால் பெரும்பாலும் நாமே கண்டுபிடித்துவிடலாம். சுகாதார அதிகாரிகள் விசாரணைக்கு வரும்போது முதலில் செய்வதும் இதைத்தான். இந்தப் பாடத்துக்காக மேலே சொன்ன விருந்தை ஒரு மாதிரிக் கணக்காக எடுத்துக்கொள்வோம். மண்டபமும் ஆட்களும் எண்களும் கற்பனை. ஆனால் நோய் நடந்துகொள்ளும் விதம் கற்பனை இல்லை.

கடிகாரம் சொல்லும் கதை

ஒரே சாப்பாட்டிலிருந்து வரும் வாந்தி பேதி எல்லாம் ஒரே வழியில் வருவதில்லை. மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் மூன்று வேகம்.

முதல் வழியில், கிருமி நம் வயிற்றுக்குள் போய்த்தான் வேலை செய்ய வேண்டும் என்றில்லை. அது அண்டாவில் இருக்கும்போதே நஞ்சைச் சுரந்து வைத்துவிடுகிறது. நாம் சாப்பிடுவது கிருமியை அல்ல, தயாராக இருக்கும் நஞ்சை. அதனால் அது சீக்கிரம் தாக்கும். அரை மணியிலிருந்து ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில். வாந்திதான் அதிகம், பேதி குறைவு, காய்ச்சல் கிட்டத்தட்ட இல்லை. ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸும், நம் மூக்கிலும் தோலிலும் வெட்டுக்காயத்திலும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸும் இந்த வகை.

இரண்டாவது வழியில், கிருமியே உயிரோடு உள்ளே போய், குடலில் இறங்கி, அங்கே நஞ்சைச் சுரக்கிறது. இதற்கு நேரம் வேண்டும். பெரிய அண்டாவில் சமைத்து நெடுநேரம் வைத்த பருப்பு, குருமா, குழம்பு ஆகியவற்றில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் இந்த வகைக்கு நல்ல உதாரணம். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். வயிற்றை முறுக்கும், தண்ணீராகப் போகும், ஆனால் வாந்தி அவ்வளவாக இருக்காது. அடுத்த நாள் ராத்திரிக்குள் சரியாகிவிடும். சால்மொனெல்லா இன்னும் மெதுவானது. அது குடல் சுவரிலேயே புகுந்து தொல்லை கொடுக்கும், கூடவே காய்ச்சலும் வரும். சில மணி நேரத்தில் தொடங்கலாம், மூன்று நாள் கழித்தும் தொடங்கலாம்.

மூன்றாவது வழிதான் வைரஸ். இதில் முக்கியமானது நோரோவைரஸ். உடம்புக்குள் போன வைரஸ் குடல் செல்லுக்குள் நுழைந்து பெருகியாக வேண்டும். அதற்குச் சாதாரணமாக 12 முதல் 48 மணி நேரம் ஆகும். அதனால் மத்தியான விருந்தில் தொற்றிய நோரோவைரஸ் அதே நாள் மூன்று மணிக்கு வாந்தியாக வெளியே வருவது நடக்காத காரியம்.

இங்கேதான் நாம் எல்லாரும் ஒரு தப்புச் செய்கிறோம். வாந்தி வந்ததும் கடைசியாகச் சாப்பிட்டதைத் திட்டுவோம். திங்கட்கிழமை ராத்திரி வாந்தி எடுத்தவர் திங்கட்கிழமை சாப்பிட்ட ரொட்டி சானாயைத் திட்டுவார். வைரஸாக இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமையே தொற்றியிருக்கும். பாவம், அந்த ரொட்டி சானாய் கடைக்காரர்.

தாளில் போட்ட கணக்கு

இப்போது நம் மண்டபத்துக்கு வருவோம். சாப்பிட்டவர்கள் 46 பேர். பந்தி தொடங்கியது ஒரு மணி. காலைப் பசியாறலை அவரவர் வீட்டில் முடித்துவிட்டு வந்தார்கள், ஆகவே எல்லாருக்கும் பொதுவான சாப்பாடு மத்தியான விருந்து ஒன்றுதான். முதல் வாந்தி 2.45க்கு. கடைசி ஆளுக்கு 6.15க்கு. மொத்தம் 14 பேர். வாந்தி எடுத்த நேரத்தை வரிசையாக எழுதினால் நடுவில் நிற்பவருக்கு நேரம் கிட்டத்தட்ட நான்கு மணி, அதாவது சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து. 14 பேருக்கும் வாந்தி. பேதி நான்கு பேருக்கு மட்டும். காய்ச்சல் ஒருவருக்கும் இல்லை. நடுராத்திரிக்குள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

நேரத்தை மட்டும் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிட்டது. எல்லாரும் ஒரு குறுகிய நேரத்துக்குள், சாப்பிட்டு மூன்று மணி நேரத்தை ஒட்டி, வாந்தியோடு விழுந்திருக்கிறார்கள். இது தயார் நஞ்சு. ஆபீஸில் எம்.சி. எடுத்தவர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் எந்தப் பதார்த்தம்? இங்கே பலர் செய்வது, நோய் வந்தவர்களிடம் மட்டும் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பது. 14 பேரில் 12 பேர் பாயசம் குடித்திருக்கிறார்கள். அப்படியானால் பாயசம்தான் என்று முடித்துவிடுவோம். அவசரப்படாதீர்கள். நோய் வராத 32 பேரையும் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்காத கணக்கு கணக்கே இல்லை.

கேட்டுப் பார்த்தோம் என்று வைத்துக்கொள்வோம். பாயசம் குடித்தவர்கள் 40 பேர், அவர்களில் நோய் வந்தது 12 பேருக்கு. நூற்றுக்கு 30. பாயசத்தைத் தொடாதவர்கள் 6 பேர், அவர்களில் 2 பேருக்கு நோய். நூற்றுக்கு 33. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒரே அளவுதான். நோயாளிகளில் 12 பேர் குடித்திருந்ததற்குக் காரணம், மண்டபத்தில் கிட்டத்தட்ட எல்லாருமே குடித்திருந்தார்கள் என்பதுதான். பாயசம் விடுதலை. பீகூன் கோரெங்கும் அப்படியே: சாப்பிட்ட 30 பேரில் 9 பேருக்கும், சாப்பிடாத 16 பேரில் 5 பேருக்கும் வாந்தி.

கடைசியாகத் தேங்காய் சாதம். அதைச் சாப்பிட்டவர்கள் 20 பேர், மற்றவர்கள் வெள்ளைச் சோறும் சாம்பாரும் போட்டுக்கொண்டார்கள். அந்த 20 பேரில் 13 பேருக்கு வாந்தி, நூற்றுக்கு 65. தேங்காய் சாதம் சாப்பிடாத 26 பேரில் ஒரே ஒருவருக்கு, நூற்றுக்கு 4. வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

இரண்டு கேள்விகள் வரும். சாப்பிடாத அந்த ஒருவருக்கு எப்படி வந்தது? பக்கத்தில் இருந்தவர் தட்டில் ஒரு வாய் எடுத்திருப்பார், மறந்திருப்பார். அல்லது அவருக்கு வந்தது வேறு ஏதோ. இப்படி ஒன்றிரண்டு எந்த விசாரணையிலும் வரும், அதை வைத்துக் கணக்கைக் கலைக்கக் கூடாது. சாப்பிட்ட 20 பேரில் 7 பேருக்கு ஏன் வரவில்லை? நஞ்சு அண்டா முழுக்க ஒரே அளவில் கலந்திருக்காது. மேலே சீக்கிரம் ஆறிய சோற்றில் குறைவு, நடுவில் நெடுநேரம் வெதுவெதுப்பாக இருந்த சோற்றில் அதிகம். ஒரு கரண்டி வாங்கியவருக்கும் மூன்று கரண்டி வாங்கியவருக்கும் வேறுபாடு உண்டு. "நானும்தான் சாப்பிட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்பது அந்தப் பதார்த்தத்தைக் காப்பாற்றும் சாட்சி ஆகாது.

சோற்றுக்குள் என்ன நடந்தது?

தேங்காய் சாதத்தைச் செய்தது நம் இளைஞர்களேதான். காலையில் நேரம் இருக்காது என்று சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கே சோற்றை வடித்து, அண்டாவோடு மூடி, அடுக்களையில் வைத்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்குத் தேங்காய், கடுகு, கறிவேப்பிலை தாளித்துப் போட்டுக் கிளறினார்கள். நல்ல வாசம். ருசி பார்த்த அண்ணனும் "சூப்பர்" என்றார். பிறகு பெரிய பாத்திரத்தில் மூடி, ஒரு மணி வரை.

பேசில்லஸ் சீரியஸ் மண்ணில் வாழும் பாக்டீரியா. வயலிலிருந்தே அரிசியோடு வரும். நிலைமை சரியில்லை என்றால் அது விதை மாதிரி ஒரு கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும். சோறு கொதிக்கும்போது மற்றக் கிருமிகள் செத்துப்போகும், இந்த விதை சாகாது. அதற்கு அந்தச் சூடு விழித்துக்கொள்வதற்கான சமிக்ஞை மாதிரி. சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து பெருகத் தொடங்கும். போட்டிக்கு வேறு கிருமியும் இல்லை.

நம் நாட்டு ராத்திரியின் வெக்கையில், மூடிய அண்டாவின் நடுச் சோறு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். தட்டில் போட்ட சோறு கால் மணியில் ஆறும், அண்டாவின் நடு ஆறாது. பத்து மணி முதல் ஆறு மணி வரை எட்டு மணி நேரம் அந்தப் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். பெருகும்போது அது செரியுலைடு என்ற நஞ்சை வெளியிடுகிறது.

காலையில் தாளித்துக் கிளறிய சூட்டில் அந்தப் பாக்டீரியாவில் பெரும்பகுதி செத்தே போயிருக்கலாம். ஆனால் செரியுலைடு சாகிற பொருள் இல்லை. 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும். வீட்டு அடுப்பில் சாதாரணப் பாத்திரத்தில் எவ்வளவு கொதித்தாலும் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாது. "நல்லா சூடு பண்ணிட்டேன் லா" என்று நாம் நம்பிக்கையோடு சொல்லும் வார்த்தை இங்கே எடுபடாது. நஞ்சுக்கு நிறமோ வாசமோ இல்லை, சோறும் நூல் விடவில்லை. முகர்ந்து பார்ப்பதும் ருசி பார்ப்பதும் கெட்டுப்போன சாப்பாட்டைக் காட்டிக்கொடுக்கும், இந்த நஞ்சைக் காட்டிக்கொடுக்காது.

ஒருவேளை தேங்காய் துருவியவர் விரலில் புண் இருந்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் அதில் இறங்கியிருக்கலாம். அதன் நஞ்சும் கொதிக்க வைத்தால் அழியாது, அதன் கடிகாரமும் இதே மாதிரிதான். இரண்டில் எது என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். நமக்கு அது அவ்வளவு முக்கியமில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் இடம் கொடுத்தது ஒன்றே: சமைத்த சாப்பாடு வெதுவெதுப்பில் நின்ற நேரம். 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்தால் கிருமி பெருகாது. 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் பெரும்பாலானவை பெருகாது. இடையில்தான் ஆபத்து. சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நம் சுகாதார அமைச்சு சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பாயசம் தப்பித்ததும் இதனால்தான். ஆண்ட்டி அதைப் பன்னிரண்டு மணிக்குக் கொதிக்கக் கொதிக்க இறக்கி, ஒரு மணிக்கு ஆவி பறக்க ஊற்றினார். பாலும் சர்க்கரையும் சேர்ந்த பதார்த்தம் என்பதால் சந்தேகம் அதன் மேல் விழுந்தது. சந்தேகம் பொருளின் மேல் விழுகிறது, பார்க்க வேண்டியது அது நின்ற நேரத்தை.

சோறு காலையிலேயே வடித்திருந்தால் பிரச்சினை இல்லை. முதல் நாளே வடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், அண்டாவில் விடாமல் அகலமான தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, காற்றாடி போட்டு ஆறவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஐம்பது பேருக்கான சோற்றுக்கு இடம் எந்த வீட்டுப் பெட்டியில் இருக்கிறது? ஆகவே காலையில் எழுந்து வடிப்பதே நடைமுறை. நம் பாட்டிமார் தூரப் பயணத்துக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்ததில் காரணம் இருந்தது. புளிப்பு ஏறிய சோற்றில் இந்தப் பாக்டீரியா எளிதில் வளராது. தேங்காய் சாதத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அதே விருந்து, வேறு கடிகாரம்

இப்போது கதையை மாற்றிப் பார்ப்போம். அதே மண்டபம், அதே 46 பேர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் நலம். திங்கட்கிழமை விடியற்காலை இருவருக்கு வாந்தி. அன்று ராத்திரி ஏழு பேர். செவ்வாய்க்கிழமை இன்னும் நான்கு பேர். வாந்தியோடு தண்ணீராகப் போகிறது, உடம்பு வலி, இலேசான காய்ச்சல். ஒரு நாளில் அடங்கவில்லை, இரண்டு மூன்று நாள் இழுக்கிறது. புதன்கிழமை ஒரு தம்பியின் பாட்டிக்கும் வாந்தி. பாட்டி விருந்துக்கு வரவே இல்லை.

அந்தப் பாட்டிதான் இந்தக் கணக்கில் முக்கியமான சாட்சி. நஞ்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. சாப்பிடாதவருக்கு, சாப்பிட்டவரைக் கவனித்துக்கொண்ட பிறகு, ஓரிரு நாள் கழித்து அதே நோய் வந்தால் அது தொற்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 1968ல் இப்படித்தான் நடந்தது. பள்ளியில் சுமார் பாதிப் பேர் விழுந்தார்கள், பிறகு அவர்கள் வீட்டில் இருந்தவர்களுக்கும் பரவியது. அங்கே எடுத்து வைத்திருந்த மலத்தில்தான் 1972ல் ஆல்பர்ட் கபிகியன் என்ற விஞ்ஞானி எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக அந்த வைரஸை முதலில் கண்டார். அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான் நோரோ.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "உணவு நஞ்சா, வைரஸா" என்று நாம் கேட்கும் கேள்வியிலேயே ஒரு சின்னக் கோளாறு இருக்கிறது. வைரஸும் சாப்பாட்டின் வழியாக வரலாம். முதல் நாள் வயிற்றுப்போக்கு வந்து இன்று சரியாகிவிட்டது என்று பரிமாற வந்த ஒருவர், கையைச் சரியாகக் கழுவாமல் வெள்ளரிக்காய் நறுக்கினால் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவே போதுமானது. அப்போது எல்லாரும் ஒரே சாப்பாட்டால்தான் விழுந்திருப்பார்கள், ஆனால் வந்தது வைரஸ். அதனால் சரியான கேள்வி, அந்தச் சாப்பாட்டில் இருந்தது தயார் நஞ்சா, உயிருள்ள தொற்றா என்பது. தயார் நஞ்சு என்றால் கதை அன்றைக்கே முடிந்தது. தொற்று என்றால் விருந்து முடிந்த பிறகுதான் கதை தொடங்குகிறது.

அதற்குப் பிறகு நாம் செய்ய வேண்டியதும் மாறுகிறது. வைரஸ் என்றால் கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். கோவிட் காலத்திலிருந்து பையில் வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல்லை நோரோவைரஸ் பெரிதாக மதிப்பதில்லை. வாந்தி விழுந்த இடத்தைக் கையுறை போட்டுத் துடைத்தெடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லிலிட்டர் சாதாரண வீட்டு ப்ளீச் கலந்து ஊற்றி, ஐந்து நிமிடமாவது விட்டுத் துடைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேறு எந்தச் சலவைத் திரவத்தோடும் ப்ளீச்சைக் கலக்காதீர்கள். நோய் வந்தவர் வாந்தி பேதி நின்ற பிறகும் 48 மணி நேரம் மடப்பள்ளிப் பக்கமே வரக் கூடாது. "எனக்கு இப்போ ஓகே" என்று வெங்காயம் நறுக்க உட்காருவது தொண்டு இல்லை. அதற்குப் பிறகும் சில நாள் வைரஸ் மலத்தில் வெளியேறும் என்பதால் சோப்பை விட வேண்டாம்.

அன்றைக்கு ராத்திரி

நஞ்சோ வைரஸோ, படுத்திருப்பவருக்கு முதலில் வேண்டியது தண்ணீரும் உப்பும். இந்த நோயில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, உடம்பிலிருந்து போகும் நீர். கிளினிக்கிலும் மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுக்கக் கூடாது, பேதி கூடும். பொட்டலம் கிடைக்காத ராத்திரியில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு ஒரு துளியும் கூடக் கூடாது. ருசி பார்த்தால் கண்ணீரை விட உப்பாக இருக்கக் கூடாது.

நம்மில் பலர் உடனே ஹண்ட்ரட் பிளஸ் வாங்க ஓடுவோம். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. ஆனால் அதில் தேவைக்கு மேல் சர்க்கரை, தேவைக்குக் குறைவாக உப்பு. நல்ல திடமான இளைஞருக்கு ஓடிவிடும், குழந்தைக்கும் வயதானவருக்கும் அதை நம்பியிருக்க வேண்டாம். குடித்ததும் வாந்தி வருகிறது என்று குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். பத்து நிமிடம் பொறுத்து, நிமிடத்துக்கு ஒரு கரண்டியாகக் கொடுத்துப் பாருங்கள். மடக்கென்று ஒரு டம்ளர் குடிப்பதுதான் திரும்பி வருகிறது, கரண்டியில் போவது பெரும்பாலும் தங்கும்.

போன தடவை மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள். நஞ்சும் வைரஸும் அதற்குக் கட்டுப்படாது. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, காய்ச்சலோடோ ரத்தத்தோடோ போகும் பெரியவரும் அதைத் தொடக் கூடாது.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எழுந்து நின்றால் தலை சுற்றி விழுவது, எது குடித்தாலும் தங்காத வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், நீரிழிவுக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுபவர் என்றால் அந்த அளவுக்கும் விட வேண்டாம்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேலை இருக்கிறது. மிச்சச் சாப்பாட்டை அவசரமாகக் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சுத்தமான டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, குளிர்பதனப் பெட்டியில் தனியாக வையுங்கள், யாரும் தொடாமல். ஒரே சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேருக்கு மேல் ஒரே மாதிரி விழுந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். மலேசியாவில் உணவு நஞ்சு, 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். மருத்துவர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிப்பார். அவர்கள் வந்து கேட்பார்கள் என்று பயந்து மறைப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கோயிலுக்குக் கெட்ட பெயர் வருமாம். மறைத்தால் அடுத்த மாதமும் அதே அண்டாவில் அதே ராத்திரிச் சோறு.

தாளையும் அன்றைக்கே எழுத வேண்டும். ஒவ்வொருவர் பெயருக்கு நேரே: என்ன சாப்பிட்டார், நோய் வந்ததா, எத்தனை மணிக்கு. மறுநாள் கேட்டால் பாதிப் பேருக்கு நினைவு இருக்காது, மீதிப் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் படித்ததைத் தங்கள் நினைவு என்று சொல்வார்கள். நாற்பத்தாறு பேருக்கும் ஒரு மணி நேரத்தில் போன் போட்டுக் கேட்டுவிடலாம், நான்கு பேர் பிரித்துக்கொண்டால்.

நம் கணக்கில் அப்படி எழுதிய தாளைச் செயலாளர் தம்பி திங்கட்கிழமை குழுவில் படமாகப் போட்டார். அதற்கு முன்பே ஆண்ட்டிக்குப் போன் செய்து, "ஆண்ட்டி, பாயசம் இல்ல. நாங்க ராத்திரி வடிச்ச சோறு," என்று சொல்லிவிட்டார்.